ஜிம்முக்கு ஃப்ரீஸ் போட இரண்டு தேதிகள் போதும்

ஜிம்மில் வருஷ பேக்கேஜ் கட்டும்போது ஃப்ரீஸ் வசதியைப் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள். ஊருக்குப் போனாலோ உடம்பு முடியாமல் போனாலோ கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், அந்த நாட்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வசதியைக் கேட்டுப் போகிற அன்று அதே கவுன்ட்டரில் வேறு பேச்சு தொடங்கிவிடும். முப்பது நாள் ஃப்ரீஸ் கேட்கப் போனவர்கள் இரண்டு வருஷ பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்படி மாட்டாமல் வந்தவர்களிடம்கூட, "என்னைக்கு ஆரம்பிச்சு என்னைக்கு முடியுது? புது கடைசித் தேதி என்ன?" என்று கேட்டால், "அதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க" என்பதுதான் பதிலாக வருகிறது.

அங்கேதான் நாட்கள் காணாமல் போகின்றன. நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் போகிறவர்கள் காரணத்தைப் பேசுகிறார்கள், தேதியைப் பேசுவதில்லை. காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அதற்குத் தீர்வு என்று ஒன்றை கவுன்ட்டரில் இருப்பவர் எடுத்து நீட்டுவார். தேதியைச் சொன்னால் அதை எழுதிக்கொள்வதைத் தவிர அவர் செய்ய வேறு வேலை இல்லை.

என் அண்ணி கோயம்புத்தூரில் ஒரு ஜிம்முக்குப் போகிறார். 2025 ஜூன் 1 முதல் 2026 மே 31 வரை வருஷ பேக்கேஜ். மகளுடைய இரண்டாவது பிரசவத்துக்காக நவம்பரில் பெங்களூரு போக வேண்டியிருந்தது. அவர் செய்த ஒவ்வொன்றையும் கூடவே இருந்து பார்த்ததால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அவர் எடுத்தது, சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட படிவம். இதை யாரும் வைத்திருப்பதில்லை. பணம் கட்டிய ரசீது மட்டும் இருக்கும். படிவம் கையில் இல்லையென்றால் ஃப்ரீஸ் பேச்சை எடுப்பதற்கு முன்பே அதன் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிவிடுவது நல்லது. அண்ணியின் படிவத்தில் பின்பக்கம் பொடி எழுத்தில் நான்கு விஷயங்கள் இருந்தன. வருஷத்துக்கு மொத்தம் முப்பது நாள்தான் ஃப்ரீஸ். அதை இரண்டு தடவைக்கு மேல் பிரிக்க முடியாது. ஒரு தடவைக்குப் பதினைந்து நாளாவது எடுக்க வேண்டும். மூன்று நாள் முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். ஜிம்முக்கு ஜிம் எண்ணிக்கை மாறும், ஆனால் இந்த நான்கு கேள்விகளும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு: மொத்தம் எத்தனை நாள், எத்தனை தடவை, குறைந்தது எத்தனை நாள், எத்தனை நாள் முன்னால். ஐந்தாவதாக ஒன்றையும் பார்த்துக்கொள்ளலாம். சில இடங்களில் முன்தேதியிட்டு ஃப்ரீஸ் கிடையாது என்று எழுதியிருக்கும். காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டு எழுந்து வந்து, "போன பத்து நாளைக் கழிச்சிடுங்க" என்றால் அங்கே நடக்காது. படுத்த முதல் நாளே ஒரு வரி அனுப்பியிருக்க வேண்டும்.

அடுத்தது தேதியைத் தேர்ந்தெடுப்பது. அண்ணி கடைசியாக உடற்பயிற்சிக்குப் போகப்போவது நவம்பர் 8, சனிக்கிழமை. ஞாயிறு ஜிம் விடுமுறை. அப்படியென்றால் ஃப்ரீஸ் எப்போது தொடங்க வேண்டும்? ஒன்பதாம் தேதியிலிருந்து போட்டால் ஜிம்மே திறக்காத ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பதில் ஒரு நாளைச் செலவழித்த மாதிரி ஆகிறது. ஃப்ரீஸ் நாட்களுக்கு உச்சவரம்பு இருக்கும்போது முதல் நாளும் கடைசி நாளும் விடுமுறையில் விழாமல் பார்த்துக்கொண்டால் லாபம். அதனால் நவம்பர் 10, திங்கள்கிழமை என்று முடிவு செய்தார். அங்கிருந்து முப்பது நாள்.

இந்த முப்பதை விரல்விட்டு எண்ண வேண்டும். நவம்பர் 10 முதல் 30 வரை, இரண்டு நாளையும் சேர்த்து, இருபத்தொரு நாள். மீதி ஒன்பது. டிசம்பர் 1 முதல் 9 வரை. ஆக ஃப்ரீஸின் கடைசி நாள் டிசம்பர் 9, திரும்பி வருகிற நாள் டிசம்பர் 10, புதன்கிழமை. பலர் நவம்பர் 10 முதல் டிசம்பர் 10 வரை என்று எழுதிவிடுவார்கள். அது முப்பத்தொரு நாள். வரம்பு முப்பது என்றால் கவுன்ட்டரில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு ஒரு முனையில் ஒரு நாளை வெட்டுவார். எந்த முனை என்பது உங்களுக்குத் தெரியாது. டிசம்பர் 10 அன்று நீங்கள் போய் விரலை வைத்தால் கதவு திறக்குமா, திறக்காதா என்பதும் தெரியாது.

"இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை" என்பதை எண்ணுவதில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. நம் மத்தியச் சட்டங்களைப் படிக்க 1897-இல் வந்த ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவுப்படி, "இந்தத் தேதியிலிருந்து" என்று சொன்னால் அந்த முதல் நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும், "வரை" என்று சொன்ன கடைசி நாளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜிம்முக்கும் உங்களுக்கும் உள்ள படிவம் ஒரு சட்டம் இல்லை, அதனால் இந்த விதி அங்கே தானாகப் பாயாது. இருந்தாலும் இப்படியும் ஒரு வழக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், "இரண்டு நாட்களும் சேர்த்து" என்ற மூன்று சொற்களை ஏன் எழுத வேண்டும் என்பது புரியும். அண்ணி அதை எழுதினார். கூடவே கூட்டி வந்த எண்ணிக்கையையும், புது கடைசித் தேதியையும் அவரே எழுதிவிட்டார். மே 31-க்குப் பிறகு முப்பது நாள் என்றால் ஜூன் 30. நவம்பர் 5-ஆம் தேதி அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இதுதான்:

"வணக்கம். என் உறுப்பினர் எண் (எண்). பேக்கேஜ் 01.06.2025 முதல் 31.05.2026 வரை. 10.11.2025 முதல் 09.12.2025 வரை, இரண்டு நாட்களும் சேர்த்து 30 நாட்கள், ஃப்ரீஸ் வேண்டும். 10.12.2025 முதல் மறுபடி வருகிறேன். புது கடைசித் தேதி 30.06.2026. பதிவு செய்துவிட்டு இந்தத் தேதியை உறுதிப்படுத்திப் பதில் அனுப்புங்கள்."

இதில் என்ன இல்லை என்று பாருங்கள். பிரசவம் இல்லை, பெங்களூரு இல்லை, "முடியுமா" இல்லை, "தயவுசெய்து" கூட இல்லை. படிவத்தில் கொடுத்திருக்கிற உரிமையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சில ஜிம்களில் உடல்நிலை காரணமாக எடுக்கும் ஃப்ரீஸுக்குத் தனி வரம்பு உண்டு. அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். அங்கே மட்டும் சான்றை இணைத்துவிட்டு "சான்று இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். என்ன நோய், எப்படி வந்தது என்பதை எழுத வேண்டாம். மூட்டு வலி என்று எழுதினால் மூட்டுக்கான ஸ்பெஷல் ட்ரெயினிங் பேக்கேஜ் வரும்.

செய்தி அனுப்பியும் பதில் வரவில்லை. மறுநாள் போன் வந்தது. "மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் நேர்ல வாங்க, ஃபார்ம் ஒண்ணு ஃபில் பண்ணணும்" என்றார்கள். ஏழாம் தேதி எப்படியும் பயிற்சிக்குப் போகிற நாள், அதனால் போனார். நானும் கூடப் போனேன். கவுன்ட்டர் பெண் படிவத்தை எடுக்கவில்லை, "மேனேஜர் சார் பேசணும்னாருங்க, உள்ள உட்காருங்க" என்றார். கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க அரை மணி ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அண்ணி கவுன்ட்டரிலேயே நின்றுகொண்டு, "பரவாயில்ல கண்ணு, நான் இங்கயே நின்னுக்கறேன், ஃபார்ம குடு" என்றார். அந்த மேனேஜர் வெளியே வந்தார்.

"ஊருக்குப் போறீங்களா மேடம்?"

"ஆமாங்க."

"எந்த ஊருங்க?"

இந்தக் கேள்வி ரொம்ப இயல்பான கேள்வி, கோயம்புத்தூரில் யாரும் யாரையும் கேட்பதுதான். அண்ணியும் மரியாதைக்குப் பெங்களூரு என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "அப்படீங்களா! பெங்களூருல நமக்கு பிராஞ்ச் இருக்குதுங்க. எதுக்கு ஃப்ரீஸ் பண்றீங்க? மல்ட்டி பிராஞ்ச் அப்கிரேட் போட்டுக்கங்க, வித்தியாசம் மட்டும் கட்டுனா போதும். அங்கயும் போலாம், இங்கயும் போலாம். மாசக் கடைசி வரைக்கும் ஆஃபர் இருக்குதுங்க."

இதில் கவனிக்க வேண்டியது, அவர் ஃப்ரீஸை மறுக்கவே இல்லை. மறுத்தால் படிவத்தைக் காட்டிவிடலாம். மறுக்காமல் அதன் இடத்தில் வேறொன்றை வைக்கிறார். அது உண்மையிலேயே யாருக்காவது பயன்படலாம். ஆனால் அப்கிரேட் என்றால் பெரும்பாலும் பழைய பேக்கேஜை முடித்துவிட்டு அன்றைய தேதியில் புதிதாக ஒன்றைப் போடுவது. புது பில், புது படிவம், புது நிபந்தனைகள். பழைய படிவத்தில் இருந்த முப்பது நாள் புதிதில் இருக்குமா, பழைய கடைசித் தேதி என்ன ஆகும் என்பதெல்லாம் நின்றுகொண்டே பேசி முடிக்கிற விஷயம் இல்லை. அப்படி ஒன்று வேண்டுமென்றால் தனியாக, இன்னொரு நாள், எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டு முடிவு செய்யலாம்.

அண்ணி சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. "அது வந்தப்பறம் பேசிக்கலாமுங்க. இப்ப ஜூன் முப்பதுன்னு போட்டுக் குடுத்துருங்க." மேனேஜர் இன்னொன்று சொன்னார். நடுவில் விட்டால் குறைத்த எடை திரும்பிவிடும், வீட்டிலிருந்தே செய்ய ஆன்லைன் கோச்சிங் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணி அதே வாக்கியத்தை, அதே குரலில், மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை மேனேஜர் எதுவும் சொல்லவில்லை. படிவம் வந்தது.

இந்த இடத்தில் பலர் தடுமாறுவது மரியாதையினால்தான். எதிரே இருப்பவர் சிரித்துப் பேசும்போது வெட்டிப் பேச மனசு வராது. அதனால் "பார்க்கலாங்க", "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிடுகிறோம். விற்பனையில் இருப்பவருக்கு அது பாதிச் சம்மதம். அடுத்த வாரம் போன் செய்து "வீட்ல கேட்டீங்களா மேடம்?" என்று தொடர அவருக்கு ஒரு நூல் கிடைத்துவிட்டது. "எவ்வளவு வரும்?" என்று விலையைக் கேட்பதும் அப்படித்தான். விலை கேட்ட பிறகு பேச்சு வேண்டுமா வேண்டாமா என்பதிலிருந்து எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு நகர்ந்துவிடும். முகம் கோணாமல் பேசலாம், டீ கொடுத்தால் குடிக்கலாம், ஆனால் வாயிலிருந்து வர வேண்டியது தேதி மட்டும்தான். அவர்களுக்கு மாத இலக்கு இருக்கிறது, மாதத்தின் கடைசி வாரத்தில் இந்தப் பேச்சு இன்னும் கனமாக இருக்கும். தேதி உங்கள் கையில் இருந்தால் மாத முதல் பாதியில் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

படிவம் நிரப்பியாகிவிட்டது என்று வந்துவிடக் கூடாது. காகிதப் படிவம் கோப்பில் போய்விடும். கதவைத் திறப்பது கணினியில் இருக்கிற தேதிதான். ஜிம் மென்பொருளில் உறுப்பினர் பக்கத்தில் ஃப்ரீஸ் என்று ஒன்று இருக்கும். அதில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டால் கடைசித் தேதி தானாக நகரும். அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம், அல்லது ஆப் இருந்தால் அதில் பார்க்கலாம். அண்ணிக்கு அன்று சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார்கள். பெங்களூரு போன பிறகு, பதின்மூன்றாம் தேதி, எஸ்.எம்.எஸ். வந்தது. உங்கள் சந்தா நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, புது கடைசித் தேதி 27.06.2026 என்று அதில் இருந்தது.

மூன்று நாள் குறைகிறது. என்ன நடந்திருக்கும் என்பதை அந்தத் தேதியே சொல்லிவிடுகிறது. பதின்மூன்றாம் தேதிதான் யாரோ கணினியில் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்தேதி போட முடியாமலோ போடத் தோன்றாமலோ அன்றைய தேதியையே தொடக்கமாகப் போட்டுவிட்டார்கள். நவம்பர் 13 முதல் டிசம்பர் 9 வரை இருபத்தேழு நாள். மே 31-க்குப் பிறகு இருபத்தேழு நாள் ஜூன் 27. தன் கணக்கில் ஜூன் 30 என்று முன்பே எழுதி வைத்திருந்ததால்தான் அண்ணிக்கு இது ஒரு நொடியில் தெரிந்தது. அவர் போன் செய்யவில்லை. ஐந்தாம் தேதி அனுப்பிய தன் செய்திக்கே பதிலாக, "05.11 அன்று தெரிவித்துவிட்டேன். என் கடைசி வருகை 08.11, உங்கள் வருகைப் பதிவில் இருக்கும். 10.11 முதல் என்று திருத்தி 30.06.2026 என மாற்றவும்" என்று எழுதினார். மாற்றிவிட்டார்கள். வருகைப் பதிவு என்று குறிப்பிட்டது முக்கியம். விரல் வைத்தோ கார்டு தேய்த்தோ உள்ளே போகிற இடங்களில் நீங்கள் கடைசியாக வந்த நாள் அவர்களிடமே இருக்கிறது, அதை மறுத்துப் பேச முடியாது.

அதே பதிவு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஃப்ரீஸ் காலத்தில் ஒரு நாள் ஊருக்கு வந்து, சும்மா ஒரு தடவை போய் விரலை வைத்துவிட்டால் சில மென்பொருள்களில் ஃப்ரீஸ் அன்றோடு முடிந்துவிடும். மீதி நாள் போனது போனதுதான். நடுவில் போவதானால் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் தேதி நிச்சயமில்லை என்றால் என்ன செய்வது? பிரசவம், அறுவை சிகிச்சை, வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது எல்லாமே அப்படிப்பட்டவைதான். இரண்டு தடவையாகப் பிரிக்கலாம் என்று படிவத்தில் இருந்தால் முதலில் பதினைந்து நாள் எடுத்துவிட்டு, அது முடிய மூன்று நான்கு நாள் இருக்கும்போது அடுத்த பதினைந்தைக் கேட்பது ஒரு வழி. முழு முப்பதையும் எடுத்துவிட்டுச் சீக்கிரம் வந்துவிட்டால் மீதியைத் திருப்பித் தர மாட்டார்கள். நீட்டிப்பை முடிவுத் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். முடிந்த மறுநாள் கேட்டால் அது முன்தேதியிட்ட கோரிக்கையாகிவிடும்.

பர்சனல் ட்ரெயினிங் எடுத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் தனி பில், தனிக் கணக்கு. இத்தனை செஷன் என்ற எண்ணிக்கையும் இத்தனை மாதத்துக்குள் என்ற கெடுவும் சேர்ந்தே இருக்கும். பொதுச் சந்தாவை நிறுத்தி வைத்தால் இந்தக் கெடு தானாக நிற்காது. செய்தியில் "பி.டி. செஷன் பாக்கி 11, அதன் கெடுவையும் இதே 30 நாட்கள் நகர்த்தவும்" என்று ஒரு வரி சேர்க்கவில்லையென்றால் திரும்பி வரும்போது செஷன் இருக்கும், கெடு போயிருக்கும். யோகா, ஜும்பா, நடன வகுப்புகளில் கணக்கு வேறு: மாதக் கட்டணமாக இருந்தால் பாதி மாதத்தில் நிறுத்தினாலும் கழிக்க மாட்டார்கள். அங்கே மாதம் முடிகிற தேதியோடு ஒட்டி நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

ரத்து செய்வது இதைவிடக் கடினம், அதனால்தான் நிறுத்தி வைப்பதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நிறுத்தி வைத்தால் ஜிம்முக்குக் கையிலிருந்து காசு போவதில்லை. ரத்து என்றால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். நிறையப் படிவங்களில் "நோ ரீஃபண்ட்" என்று தடித்த எழுத்தில் இருக்கும். இருந்தாலும் கேட்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கேட்பதற்கு முன்னால் எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை 365 நாள், கட்டியது 14,600 ரூபாய். ஒரு நாளைக்கு 40 ரூபாய். 2025 அக்டோபர் 31-ஐக் கடைசி நாளாக வைத்து ரத்து செய்கிறீர்கள். அதுவரை 214 நாள், மீதி 151 நாள். 151 நாளுக்கு 6,040 ரூபாய் வர வேண்டும். ஜிம் வேறு மாதிரி கணக்குப் போடும். வருஷ பேக்கேஜ் தள்ளுபடி விலை, நீங்கள் ஏழு மாதம்தான் வந்தீர்கள், மாதச் சந்தா 2,000 என்றால் ஏழு மாதத்துக்கு 14,000, மீதி 600 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். இப்படிக் கணக்கிடுவோம் என்று கையெழுத்திட்ட படிவத்தில் இருந்தால் அதை எதிர்த்துப் பேசுவது கஷ்டம். இல்லையென்றால் அது கவுன்ட்டரில் அந்த நேரத்தில் தோன்றிய கணக்குதான். எந்த வரியில் இருக்கிறது என்று கேட்கலாம். சேர்க்கைக் கட்டணம் தனியாகக் கட்டியிருந்தால் அது திரும்ப வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரத்துக் கடிதமும் அதே அமைப்புதான்: உறுப்பினர் எண், கடைசி நாள், மீதி நாட்கள், தொகை, எந்தக் கணக்கில் போட வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். "ரத்து செய்யலாமா என்று யோசிக்கிறேன்" என்று எழுதினால் யோசனையை மாற்றுவதற்கு ஆள் வருவார். "31.10.2025 என் கடைசி நாள்" என்று எழுதினால் நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள் என்று தெரியும். பணத்துக்குப் பதிலாகச் சந்தாவை வேறொருவருக்கு மாற்றித் தருகிறோம் என்று சொன்னால் அதை மட்டும் நான் உடனே ஒதுக்க மாட்டேன். தங்கையோ பக்கத்து வீட்டுக்காரரோ சேரப்போகிறார் என்றால் 600 ரூபாயைவிட அது மேல். மாற்றுக் கட்டணம் எவ்வளவு, அவருக்கு எந்தத் தேதிவரை என்று எழுதி வாங்கிக்கொண்டால் சரி.

மாதா மாதம் தானாகப் பணம் பிடிக்கும் சந்தாவுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. நான் முன்பு குடியிருந்த பகுதியில் ஒரு ஜிம்மில் யு.பி.ஐ. ஆட்டோபே போட்டிருந்தேன், ஐந்தாம் தேதி பிடிப்பார்கள். வீடு மாறியதும் முதலில் கடிதம், அவர்கள் கடைசித் தேதியை ஒப்புக்கொண்ட பிறகு ஆட்டோபே ரத்து, இந்த வரிசையில்தான் செய்தேன். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே அல்லது மேன்டேட் என்ற பகுதிக்குப் போனால் நடப்பில் இருப்பவை வரிசையாக இருக்கும். அதில் தற்காலிகமாக நிறுத்தவும் முழுவதுமாக ரத்து செய்யவும் வழி உண்டு, பின் நம்பர் போட்டால் முடிந்துவிடும். ஜிம்மின் அனுமதி தேவையில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னால் உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாள் முன்பே ரத்து செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் நேரடியாக நாச் மேன்டேட் கொடுத்திருந்தால் வங்கியில் கடிதம் கொடுக்க வேண்டும், அதற்கு இன்னும் சில நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கொடுக்காமல் ஆட்டோபேயை மட்டும் நிறுத்துவதில் ஒரு சிக்கல். பணம் போவது நிற்கும், ஆனால் ஒப்பந்தம் நிற்காது. பன்னிரண்டு மாதம் கட்டுவதாகக் கையெழுத்திட்டிருந்தால் பாக்கி என்று காட்டித் துரத்துவார்கள். வட்டியில்லாத் தவணையில் வருஷ பேக்கேஜ் வாங்கியவர்களுக்கு இது இன்னும் கடுமை. அங்கே ஜிம்முக்கு முழுப் பணமும் போயிருக்கும். நீங்கள் தவணை கட்டுவது கடன் கொடுத்த நிதி நிறுவனத்துக்கு. ஜிம்மை ரத்து செய்தாலும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், தவறினால் சிபில் மதிப்பெண் அடிபடும். ஜிம் கடன் கணக்குக்குப் பணத்தைத் திருப்பி, நிதி நிறுவனம் கடன் முடிந்தது என்று எழுதித் தரும்வரை தவணையை நிறுத்தக் கூடாது.

எழுதியும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்தால் நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். தீர்ப்பு சொல்கிற அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

அங்கே எதைக் கொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பலம் மாறும். ஜிம் இடம் மாறிவிட்டது, பெண்களுக்கான நேரத்தை எடுத்துவிட்டார்கள், ஏ.சி.யும் டிரெட்மில்லும் மாதக்கணக்கில் ஓடவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு, உங்கள் வாதம் திடமானது. எனக்கு இனி வர முடியாது என்பது மட்டும்தான் காரணம் என்றால் வாதம் மெலிந்தது. அந்த நிலையில் ஃப்ரீஸோ மாற்றிக் கொடுப்பதோ கைக்குக் கிடைக்கிற தீர்வு. முதல் வகையாக இருந்தால் பழுதான நாளிலிருந்தே தேதியோடு படம் எடுத்து, அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அவ்வப்போது அனுப்பி வையுங்கள். ரத்துக் கடிதம் எழுதும்போது அந்தத் தேதிகளையே வரிசையாக எடுத்து எழுதிக்கொள்ளலாம்.